கொடையா, கோடையா? குறில் நெடில் சந்தேகம் வந்தால் சரிபார்ப்பது எப்படி

மே மாதம் கொடைக்கானலில் நடப்பது கோடை விழா. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் சுடலைமாடன் கோயிலிலும் அம்மன் கோயிலிலும் நடப்பது கொடை விழா. இரண்டும் உண்மையான விழாக்கள், இரண்டும் சரியான சொற்கள். எழுத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொம்பில் உள்ள ஒரு சுழி மட்டும்தான். அந்தச் சுழி தவறினால் மலர்க் கண்காட்சி அம்மன் திருவிழாவாகிவிடும். கணினியில் உள்ள பிழைதிருத்தியும் எதையும் சுட்டிக்காட்டாது. அதற்குத் தெரிந்தவரை இரண்டுமே அகராதியில் இருக்கிற சொற்கள். ஊர்ப்பெயரிலும் இதே குழப்பம் உண்டு. கோடையில் போகிற ஊர் என்பதால் பலர் ‘கோடைக்கானல்’ என்று எழுதுகிறார்கள். ஊரின் பெயர் கொடைக்கானல், குறில்.

ஒரு மாத்திரை ஒலிப்பது குறில், இரண்டு மாத்திரை ஒலிப்பது நெடில் என்று பள்ளியில் படித்திருப்போம். உயிரெழுத்து பன்னிரண்டில் ஐ, ஔ இரண்டையும் தள்ளிவிட்டால் அ-ஆ, இ-ஈ, உ-ஊ, எ-ஏ, ஒ-ஓ என்று ஐந்து ஜோடிகள் மிஞ்சும். ஒவ்வொரு ஜோடியிலும் நீளம் மாறினால் பொருள் மாறிவிடும்: படம்-பாடம், நிதி-நீதி, முட்டை-மூட்டை, பெட்டி-பேட்டி, கொடி-கோடி.

இவற்றில் முதல் மூன்று ஜோடிகளில் அவ்வளவாகப் பிழை வருவதில்லை. ‘ப’வுக்கும் ‘பா’வுக்கும் நடுவே ஒரு முழுக் கால் நிற்கிறது, கண்ணுக்குத் தப்பாது. மு-மூ, கு-கூ வடிவங்களும் ஓரளவு தெளிவாகவே வேறுபடுகின்றன. சிக்கல் கடைசி இரண்டில்தான். கெ-கே, கொ-கோ இரண்டிலும் வித்தியாசம் இடப்பக்கக் கொம்பின் தலையில் மட்டும். அதிலும் ‘கொ’, ‘கோ’ எழுத்துகளுக்கு வலப்பக்கத்தில் நிற்கும் கால் ஒன்றேதான். வேகமாகப் படிக்கும்போது கண் அந்தக் காலைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க எ-ஏ, ஒ-ஓ பற்றியே பேசப்போகிறேன்.

இந்த எழுத்துகள் இவ்வளவு ஒத்திருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய முறையில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவம் ஒன்றுதான். குறிலாக இருந்தால் அதன்மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். எகரமும் ஒகரமும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்கிறது, நன்னூலும் அதையே சொல்கிறது. ஆனால் ஓலைச்சுவடியில் புள்ளியைப் பெரும்பாலும் வைக்காமலே விட்டுவிடுவார்கள். ஆகவே சுவடியில் கொடையும் கோடையும் ஒரே மாதிரி இருக்கும், படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவர், நெடிலுக்குத் தனிச் சுழி கொடுத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தார் என்பார்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று இன்று நாம் பிரித்து எழுதுவது அந்த வழக்கம்தான்.

முதல் எழுத்து: காது சொல்வதைக் கேளுங்கள்

சந்தேகம் சொல்லின் முதல் எழுத்தில் இருந்தால், முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு முதல் எழுத்தின் நீளத்தில் காது ஏமாறுவது அபூர்வம். ‘பேய்மழை பெய்தது’ என்று யாரும் தடுமாறாமல் சொல்லிவிடுவார்கள். முதல் சொல்லில் நெடிலும் இரண்டாவதில் குறிலும் தானாகவே விழும். ‘போய்விட்டான்’ என்பதை ‘பொய்விட்டான்’ என்று வாய் சொல்லாது, விரல்தான் தட்டச்சு செய்யும்.

சும்மா மனசுக்குள் படித்தால் இது பயன்படாது. எழுதியிருப்பதைக் கண் சரியாகத் திருத்திக்கொண்டே படித்துவிடும். அதனால் சந்தேகமான சொல்லை இரண்டு விதமாகவும் அதே வாக்கியத்தில் வைத்து உரக்கச் சொல்ல வேண்டும். “இங்கே சுவரொட்டி ஒட்டாதீர்”, “இங்கே சுவரொட்டி ஓட்டாதீர்”. இரண்டாவதைச் சொன்னதுமே சிரிப்பு வரும். ஒட்டுவது பசையால், ஓட்டுவது வண்டியை.

காதை நம்பும்போது ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. பேச்சில் இகரம் எகரமாகவும், உகரம் ஒகரமாகவும் மாறும். இடம் ‘எடம்’ ஆகும், விலை ‘வெலை’ ஆகும், குடம் ‘கொடம்’ ஆகும், உலகம் ‘ஒலகம்’ ஆகும். அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால் இந்த மாற்றம் நடக்கும். மழைக்குப் பிடிக்கிற குடைகூடப் பேச்சில் ‘கொடை’தான். ஆனால் கவனித்தீர்களா, எல்லாமே குறிலாகவே இருக்கின்றன. கூடை ஒருநாளும் ‘கோடை’ ஆவதில்லை. எழுத்தின் ஒலி மாறினாலும் நீளம் மாறுவதில்லை. ஆகவே காது ‘குறில்’ என்று சொன்னால் அது குறில்தான், நம்பலாம். அது எந்தக் குறில், உகரமா ஒகரமா என்பதற்குத்தான் அகராதி வேண்டும்.

வேர்ச்சொல்லைப் பிடிப்பது, அதில் உள்ள கண்ணி

காது தயங்கினால் அடுத்தது வேர்ச்சொல். பால் கெட்டுவிட்டதா, கேட்டுவிட்டதா? கெடு என்பதிலிருந்து வருவது கெட்டது, கேள் என்பதிலிருந்து வருவது கேட்டது. எதிர்காலத்தில் சொல்லிப் பார்த்தால் இன்னும் தெளிவு: பால் கெடும், கேள்வி கேட்கும். இறந்தகாலத்தில் ஒரு சுழியால் மட்டும் வேறுபட்ட சொற்கள் எதிர்காலத்தில் முற்றிலும் வேறாகிவிடுகின்றன. காலத்தை மாற்றிச் சொல்வது சந்தேகம் தீர்க்க நல்ல கருவி.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வேரில் குறில் இருப்பதால் அதிலிருந்து பிறந்த எல்லாச் சொல்லிலும் குறில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ‘கெடுவான் கேடு நினைப்பான்’ என்ற பழமொழியையே பாருங்கள். கெடு என்பது வினை. அதன் முதல் எழுத்தை நீட்டினால் கேடு என்ற பெயர்ச்சொல் கிடைக்கிறது. பெறு-பேறு, சுடு-சூடு, படு-பாடு, கொள்-கோள், உண்-ஊண் எல்லாம் இதே வகை. இலக்கணத்தில் இதற்கு முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பெயர். எதிர்த்திசையில் போகிற சொற்களும் உண்டு. வா நெடில், வந்தான் குறில். காண் நெடில், கண்டான் குறில். நோகும் என்போம், ஆனால் நொந்தது. சோறு வேகும், வெந்தது. ‘நோந்துபோனேன்’, ‘வேந்த சோறு’ என்று எழுதுகிறவர்கள் வேரின் நெடிலை அப்படியே இழுத்துக்கொண்டு வந்தவர்கள். ஆகவே வேரைப் பார்ப்பது ‘இது எந்தச் சொல்’ என்று கண்டுபிடிக்கத்தான். நீளத்தை அந்தக் குறிப்பிட்ட வடிவத்தை வாய்விட்டுச் சொல்லித்தான் முடிவு செய்ய வேண்டும்.

முழு நம்பிக்கையோடு பயன்படுத்தக்கூடிய ஓர் ஒழுங்கும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அது. பெரு என்ற சொல்லுக்குப் பின்னால் மெய்யில் தொடங்கும் சொல் வந்தால் பெரு குறிலாகவே நிற்கும்: பெருநகரம், பெருமழை, பெருந்தலைவர். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் நீண்டு பேர் ஆகும்: பேரூர், பேராசிரியர், பேரவை, பேருந்து. ஒரு வீடு, ஆனால் ஓர் ஊர் என்பதும் இதே கணக்குத்தான். எண்களைச் சொல்லிப் பாருங்கள். இருநூறு, ஈராயிரம். முந்நூறு, மூவாயிரம். அறுநூறு, ஆறாயிரம். எழுநூறு, ஏழாயிரம். நூறு மெய்யில் தொடங்குவதால் முன்னால் குறில், ஆயிரம் உயிரில் தொடங்குவதால் முன்னால் நெடில். பத்துகளிலும் குறில்தான்: இருபது, முப்பது, அறுபது, எழுபது. தனியாக நிற்கும்போது ஏழு என்று எழுதிப் பழகிய கை ‘ஏழுபது’ என்று எழுதப் பார்க்கும். அறுபதை யாரும் ‘ஆறுபது’ என்று எழுதமாட்டார்கள். அதை நினைத்துக்கொண்டால் எழுபதும் நினைவில் நின்றுவிடும்.

நடுவிலும் கடைசியிலும்

சொல்லின் கடைசியில் காது உதவாது. பேச்சில் கடைசி உயிர் தேய்ந்துபோகும். அங்கே என்பது ‘அங்க’ ஆகும், வீட்டிலே என்பது ‘வீட்டுல’ ஆகும். நல்லவேளையாக இங்கே ஒரு சுலபமான விதி கைகொடுக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் குறில் எகரத்திலோ ஒகரத்திலோ முடிவதில்லை. ‘நொ’ என்ற ஒரு பழஞ்சொல் விலக்கு, அது இன்று வழக்கில் இல்லை. ஆகவே அங்கே, எனவே, மட்டுமே, அவனோ, இல்லையோ என்று கடைசியில் கொம்பு வந்தால் அது இரட்டைக்கொம்புதான், யோசிக்கவே வேண்டாம். வந்தேன், வந்தோம் போன்ற வினைமுற்றுகளின் விகுதியும் இன்றைய வழக்கில் எப்போதும் நெடில். ‘வந்தென்’ என்று எங்கேயாவது பார்த்தால் அது தட்டச்சுப் பிழை.

நடுவில் வந்தால் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கொம்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அங்கு + எல்லாம் = அங்கெல்லாம். எல்லாம் என்பதில் குறில், ஆகவே இதிலும் குறில். அங்கே + உம் = அங்கேயும். இதில் நெடில், ஏனென்றால் அங்கே என்பது முழுசாக உள்ளே இருக்கிறது. என்ன + என்ன = என்னென்ன. ஏது + ஏனும் = ஏதேனும். பலரையும் தடுக்கிவிடுவது ஒவ்வொரு என்ற சொல். பின்பாதி ஒரு என்றால் ஒவ்வொரு, ஓர் என்றால் ஒவ்வோர். ஒவ்வொரு வருடமும், ஒவ்வோர் ஆண்டும். இரண்டையும் கலந்து ‘ஒவ்வோரு’ என்று ஒரு சொல் இல்லை. இன்னொரு, இன்னோர் என்பதும் இப்படியே.

அகராதியில் தேடும்போது

அகராதி வரிசையில் கெ, கே, கை, கொ, கோ என்று போகும். ஆகவே கொடையும் கோடையும் அடுத்தடுத்து இருக்காது, பக்கங்கள் பல தள்ளியே இருக்கும். சந்தேகமான சொல்லை இரண்டு இடத்திலும் தேட வேண்டும் என்பது முக்கியம். ஒன்றில் கிடைத்ததுமே மூடிவிடக் கூடாது. கொட்டை என்று தேடினால் கிடைக்கும், பொருள் விதை. கோட்டை என்று தேடினாலும் கிடைக்கும், பொருள் அரண். சொல் இருக்கிறது என்பது மட்டும் போதாது. பொருளைப் படித்து, உங்கள் வாக்கியத்தில் அது பொருந்துகிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது. வினைச்சொல் என்றால் ஒட்டுகளைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள். ‘கேட்டார்’ என்பது அகராதியில் கேள் என்ற இடத்தில் இருக்கும்.

இன்றைய சொல்வழக்குக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போதும். பழைய சொல், அரிய சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். லெக்சிகனில் ஒரு வசதி உண்டு. தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ரோமன் எழுத்திலும் உச்சரிப்பு கொடுத்திருப்பார்கள். நெடில் என்றால் அந்த ரோமன் எழுத்தின் தலைமேல் ஒரு கோடு இருக்கும். கொம்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் அகராதியில் கிடைக்காது. அவற்றுக்கு மாவட்ட நிர்வாகத்தின் தமிழ் இணையதளத்தில் உள்ள வட்டங்களின் பட்டியலைப் பாருங்கள். கொடைக்கானலுக்குத் திண்டுக்கல் மாவட்டம். ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களில் மூலச் சொல்லின் ஒலியைத்தான் பின்பற்ற வேண்டும்: டெஸ்ட் தேர்வு, டேஸ்ட் ருசி. இணையத்தில் இரண்டு விதமாகவும் தேடி, எது அதிகம் வருகிறதோ அதை எடுத்துக்கொள்வது சிலருடைய வழக்கம். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிழையான வடிவமும் அங்கே கொட்டிக் கிடக்கிறது.

செய்யுள் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றாக வருவதோடு, முதல் எழுத்தின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். ‘கொடையளி செங்கோல் குடியோம்பல்’ என்று தொடங்கும் குறளின் (390) இரண்டாம் அடி ‘உடையானாம்’ என்று தொடங்குகிறது. உடை குறில், ஆகவே கொடையும் குறில். ‘கேடில் விழுச்செல்வம் கல்வி’ என்ற குறளில் (400) அடுத்த அடி ‘மாடல்ல’. மாடு நெடில், ஆகவே கேடும் நெடில். அச்சுப் பிழையால் கொம்பு மாறிப்போயிருந்தாலும் எதுகை காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு வாக்கியத்தைத் திருத்திப் பார்ப்போம்

பயிற்சிக்காக வேண்டுமென்றே பிழைகளோடு எழுதிய வாக்கியம் இது: “ஒவ்வோரு வருடமும் கோடைக்கானலில் நடக்கும் கொடை விழாவுக்கு ஏழுபது பெருந்துகள் ஒட்டப்படும் என்று கெட்டேன்.”

ஒவ்வோரு: பிரித்தால் பின்பாதி ஒரு. அடுத்த சொல் வருடம், மெய்யில் தொடங்குகிறது, ஆகவே ஒவ்வொரு. கோடைக்கானல்: ஊர்ப்பெயர், மாவட்டப் பட்டியலில் கொடைக்கானல். கொடை விழா: அகராதியில் உள்ள சொல்தான், ஆனால் மலர்க் கண்காட்சி நடப்பதால் இங்கே கோடை விழா. தென்மாவட்டக் கோயில் அழைப்பிதழ் என்றால் இதையே கை வைக்காமல் விட்டிருக்க வேண்டும். ஏழுபது: அறுபதைப் போல எழுபது. பெருந்துகள்: பெரு + உந்து, உயிர் வருவதால் நீண்டு பேருந்துகள். ஒட்டப்படும்: பசையா வண்டியா, வண்டி, ஆகவே ஓட்டப்படும். கெட்டேன்: எதிர்காலத்தில் சொன்னால் கேட்பேன், ஆகவே கேட்டேன்.

திருத்திய பிறகு: “ஒவ்வொரு வருடமும் கொடைக்கானலில் நடக்கும் கோடை விழாவுக்கு எழுபது பேருந்துகள் ஓட்டப்படும் என்று கேட்டேன்.” ஏழு பிழைகளில் கோடை, ஓட்டு, கேட்டு ஆகிய மூன்றைப் பிழைதிருத்தியால் கண்டுபிடிக்க முடியாது. தவறான வடிவங்களும் தமிழ்ச் சொற்களே.

திருத்தக் கூடாத சில ஜோடிகளும் உண்டு. பெயர்-பேர், பொழுது-போது, செய்தி-சேதி, வியர்வை-வேர்வை. இவற்றில் இரண்டு எழுத்துகள் ஒன்றாகச் சுருங்கும்போது உயிர் நீண்டிருக்கிறது. இரண்டு வடிவமும் சரி. ‘பேயர்’, ‘அப்பொது’ என்று பாதி சுருக்கி எழுதுவதுதான் பிழை. ‘அப்பொழுது’ என்று எழுதுங்கள், அல்லது ‘அப்போது’ என்று எழுதுங்கள். பொது என்பது எல்லாருக்கும் உரியது, அதற்கும் காலத்துக்கும் சம்பந்தமில்லை.

நீளமான கட்டுரையைக் கணினியில் எழுதி முடித்திருந்தால், படித்துக்கொண்டே பிழை தேடுவதைவிட ‘தேடு’ வசதியைப் பயன்படுத்துவது நல்லது. கெட்ட, கேட்ட, ஒட்ட, ஓட்ட, பொய், போய், கொடை, கோடை, பொது, போது என்று ஒவ்வொன்றாகத் தேடி, வந்து நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொண்டு, வலப்பக்கக் காலை விட்டுவிட்டு, இடப்பக்கக் கொம்பைப் பாருங்கள்.